மூன்று நிமிடம், ஒரு வாளி, ஒரு கோரிக்கை
புத்தாக்கப் போட்டிகளின் செயல்விளக்க நாளுக்கு மாணவரைத் தயார்செய்தல்

ஹேக்கத்தான் என்ற சொல் இன்று கல்லூரி வளாகத்தைத் தாண்டிப் பள்ளிக்குள்ளும் வந்துவிட்டது. 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் பொறியியல் மாணவர்களிடையே பரவலாகத் தெரிந்த போட்டி. நம் அரசுப் பள்ளி மாணவர்கள் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகத் தங்கள் ஊரின் சிக்கல்களுக்குத் தீர்வு தேடுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் கடைசியில் வருவது ஒன்றுதான். மாணவர் அணி நடுவர்கள் முன் நின்று, சில நிமிடங்களில், தாங்கள் செய்ததைக் காட்டிப் பேச வேண்டும்.

பல வாரம் உழைத்த அணி இந்தச் சில நிமிடங்களில் தடுமாறுவது உண்டு. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. தண்ணீரின் அருமை, உலக வெப்பமயமாதல், நாட்டின் வளர்ச்சி என்று பேச்சு தொடங்கும். கருவியை எடுக்கும்போது நேரம் முடிந்துவிடும். கடைசியில் “எங்களுக்கு ஆதரவு தாருங்கள்” என்று முடியும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று நடுவருக்குத் தெரியாது.

நல்ல முன்வைப்பில் மூன்று பகுதிகள் தெளிவாக இருக்கும். கருவியைப் பயன்படுத்தப் போகும் ஒரு மனிதர், எல்லோர் கண்முன்னும் நடக்கும் ஒரு நேரடிக் கணம், அளவான ஒரு கோரிக்கை. இந்த மூன்றையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியாகப் பார்ப்போம். திருச்சி கே.கே. நகரில் ஓர் அரசுப் பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வர் கொண்ட ஓர் அணி என்று வைத்துக்கொள்வோம். அணி கற்பனைதான். கருவி எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடியது.

பயனர் யார்?

அணியின் முதல் யோசனை, ‘நீர்த்தொட்டி நிரம்பி வழிவதைத் தடுத்தல்’. பயனர் யார் என்று கேட்டால் ‘பொதுமக்கள்’ என்று எழுதியிருந்தார்கள். இந்த விடையை ஆசிரியர் ஏற்கக் கூடாது. பொதுமக்கள் என்பவரிடம் போய்ப் பேச முடியாது. அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எதற்குச் சிரமப்படுகிறார் என்று கேட்கவும் முடியாது.

இந்த இடத்தில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இந்தச் சிக்கலால் இன்று காலை சிரமப்பட்டவர் ஒருவரை எனக்குக் காட்ட முடியுமா?” மாணவர்கள் பள்ளியைச் சுற்றிப் பார்த்தார்கள். பள்ளியின் தூய்மைப் பணியாளர் அக்கா தினமும் காலையில் கழிவறை மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறுகிறார். மோட்டார் போட்டபின், நிரம்பியதா என்று பார்க்க மறுபடியும் ஏறுகிறார். ஐந்து வேலை நாள்கள் மாணவர்கள் நோட்டில் கோடு போட்டு எண்ணினார்கள். மொத்தம் 11 முறை.

பயனர் மாறியதும் சிக்கலும் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். முதலில் அவர்கள் தீர்க்க நினைத்தது தண்ணீர் வீணாவதை. உண்மையில் அங்கே இருந்தது, ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் ஈரக்காலோடு ஏணி ஏறும் ஆபத்து. தொட்டி நிரம்பும்போது அலறும் ஒலிப்பான் அவருக்குப் பாதி உதவிதான். கீழே நின்றபடியே தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால், ஏற வேண்டிய தேவையே இல்லை.

நம் மாநிலத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர், தன் பகுதியில் கரியைப் பயன்படுத்தும் இஸ்திரி வண்டிக்காரரைப் பார்த்து, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அவர் பேசினார். காற்று மாசு என்பது மிகப் பெரிய பொருள். ஆனால் அவருடைய கருவிக்குப் பயனர் தெருவில் வண்டி வைத்திருக்கும் ஒருவர். கரி வாங்கும் செலவு, புகை, தெருத்தெருவாக நகர வேண்டிய தேவை என்று வண்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் அந்த ஒருவரின் நாளில் இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் ஒரு நொடியில் புரிகிறது.

கே.கே. நகர் மாணவர்களுக்கு உழவர் சந்தையில் தராசு பிடிப்பவரும் பயனராகலாம், பேருந்து எண்ணைப் படிக்க முடியாத முதியவரும் பயனராகலாம். யாராக இருந்தாலும் மாணவர்கள் அவரை நேரில் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். ஒரு வாரக் கணக்கு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

கருவி பயனரைப் பின்பற்றுகிறது

அணி செய்த கருவி எளிது. தொட்டிக்குள் ஒரு பி.வி.சி. குழாயை நிறுத்தி, அதில் நான்கு கம்பிகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று அடிமட்டத்தில் இருக்கும். இது பொதுக் கம்பி. மற்ற மூன்றும் கால், அரை, முழு மட்டங்களில் முடியும். ஒவ்வொரு மட்டக் கம்பியும் கீழே உள்ள பெட்டியில் ஒரு BC547 டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு, ஒரு மின்தடை வழியாகச் செல்லும். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால், தண்ணீர் வழியே மிகச் சிறு மின்னோட்டம் பாயும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி ஓர் எல்.இ.டி. விளக்கை எரிய வைக்கும். மின்சாரம் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது.

முதல் வடிவத்தில் டிரான்சிஸ்டர் இல்லை; விளக்கைத் தண்ணீர் வழியாக நேரடியாக இணைத்திருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பு இருப்பதால் மங்கலாக எரிந்தது. சுத்திகரித்த புட்டி நீரில் எரியவே இல்லை. செயல்விளக்க நாளில் பல அணிகள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்: மேடையில் கிடைக்கும் குடிநீர்ப் புட்டியை ஊற்றிக் காட்டுவார்கள், கருவி அசையாது. ஆகவே டிரான்சிஸ்டரும் வேண்டும். எந்தத் தண்ணீரில் சோதித்தார்களோ அதே தண்ணீரைக் கேனில் எடுத்துச் செல்லவும் வேண்டும்.

அடுத்த சிக்கல் அரிப்பு. தண்ணீருக்குள் இருக்கும் கம்பியில் நேர்மின்னோட்டம் எப்போதும் பாய்ந்துகொண்டிருந்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். செம்புக் கம்பி பச்சை பூத்து அரிந்துவிடும். இதற்குத் தீர்வு பயனரிடமிருந்தே வந்தது. அக்காவுக்குத் தண்ணீரின் அளவு நாள் முழுவதும் தெரிய வேண்டியதில்லை; அவர் பார்க்கும்போது தெரிந்தால் போதும். எனவே பெட்டியில் ஓர் அழுத்துப் பொத்தான் வைத்தார்கள். அழுத்தும் சில நொடிகள் மட்டுமே மின்சாரம் பாயும். அரிப்பும் குறைந்தது, பேட்டரியும் நீடித்தது. கம்பி முனைகளில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பொருத்தினார்கள்.

மூன்றாவது சிக்கலைக் கண்டுபிடித்தவர் அக்காதான். பொத்தானை அழுத்தினார், ஒரு விளக்கும் எரியவில்லை. “தண்ணி இல்லையா, இல்ல பேட்டரி போயிடுச்சா?” என்று கேட்டார். இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்றால் கருவியை நம்ப முடியாது. அவர் மறுபடியும் ஏணியைத்தான் எடுப்பார். எனவே நான்காவதாக ஒரு பச்சை விளக்கைச் சேர்த்தார்கள். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எரியும். பச்சை மட்டும் எரிந்தால் தண்ணீர் கால் மட்டத்துக்கும் கீழே. பச்சையும் எரியாவிட்டால் பேட்டரியை மாற்ற வேண்டும்.

இந்த மூன்றாவது நிகழ்வு முன்வைப்பில் இருபது நொடி பெறத் தகுதியானது. மாணவர்கள் பயனரிடம் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர் சொன்னதைக் கேட்டு மாற்றினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரே ஒரு நேரடிக் கணம்

1854இல் நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸ் பொருட்காட்சியில் எலிஷா ஓடிஸ் தன் மின்தூக்கிப் பாதுகாப்பு அமைப்பைக் காட்டினார். அந்தக் காலத்தில் தூக்கியின் கயிறு அறுந்தால் மேடை தரையில் மோதும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஓடிஸ் மேடையில் தானே ஏறி நின்றுகொண்டார். மேடை கூட்டத்தின் தலைக்கு மேலே உயர்ந்ததும் கயிற்றை வெட்டச் செய்தார். மேடை சிறிது இறங்கி, பக்கவாட்டுப் பற்களில் பிடித்து நின்றது. வில்லும் பற்களும் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கியிருந்தால் சிலருக்குப் புரிந்திருக்கும். கயிறு அறுந்ததைப் பார்த்தபோது எல்லோருக்கும் புரிந்தது.

இந்தக் காட்சியில் நாம் கற்க வேண்டியது இரண்டு. அவர் காட்டியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் பார்வையாளரின் பயத்துக்கு நேரான விடை. கருவியில் உள்ள ஐந்து வசதிகளையும் காட்டினால் எதுவும் நினைவில் நிற்காது. ஐந்தில் ஒன்று பழுதானாலும் எல்லாம் பழுதானதாகத் தோன்றும்.

கே.கே. நகர் அணியின் பயனருக்கு இருக்கும் கேள்வி, ‘ஏறிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?’ என்பது. எனவே நேரடிக் கணம் அந்தக் கேள்வியாகவே அமைய வேண்டும். இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் குழாயைப் பொருத்தி, பாதிக்குச் சற்று மேல்வரை தண்ணீர் ஊற்றி, மூடியை மூடி மேசைமேல் வைக்கிறார்கள். மாணவி ஒருவர் நடுவரிடம் பெட்டியைக் கொடுத்துச் சொல்கிறார்:

“ஐயா, இந்த வாளிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மூடியைத் திறக்காமல் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திப் பாருங்கள்.”

நடுவர் அழுத்துகிறார். பச்சை விளக்கும் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிகின்றன. “பாதிக்கு மேல்” என்கிறார். மாணவி மூடியைத் திறந்து காட்டுகிறார். அவ்வளவுதான். இருபது நொடியில் நடுவர் பயனரின் இடத்தில் நின்றுவிட்டார். விடையைத் தானே கண்டுபிடித்துவிட்டார். இந்த நேரத்தில் மாணவர் யாரும் பேசக் கூடாது. விளக்கு எரியும்போதே “இப்போது மின்னோட்டம் அடிவாய்க்குச் சென்று...” என்று தொடங்கினால் கணம் கலைந்துவிடும்.

இந்தக் கணம் தவறாமல் நடக்கச் சில ஏற்பாடுகள் தேவை. புதிய பேட்டரி போட்டிருக்க வேண்டும். கையில் இன்னொன்றும் இருக்க வேண்டும். கம்பிகளை முறுக்கி இணைக்காமல் பற்றவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பேருந்துப் பயணத்தின் குலுக்கலில் முறுக்கிய இணைப்பு விட்டுப்போகும். மேலும் ஒரு மட்டக் கம்பி ஒருமுறை நனைந்துவிட்டால், தண்ணீர் இறங்கிய பிறகும் குழாயில் ஒட்டியுள்ள ஈரப்படலம் வழியே மின்சாரம் பாய்ந்து விளக்கைப் பொய்யாக எரிய வைக்கக்கூடும். கம்பிகளைக் குழாயின் வெவ்வேறு பக்கங்களில் இடைவெளி விட்டுப் பொருத்தினால் இது குறையும். ஒத்திகையில் வாளியை முழுதாக நிரப்பிவிட்டு அதே ஈரத்தோடு மேடையேறக் கூடாது; குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு ஏற வேண்டும்.

எல்லாம் செய்தும் விளக்கு எரியாமல் போகலாம். அதற்கும் ஒரு வரி தயாராக இருக்கட்டும்: “பச்சை எரியவில்லை, எனவே பேட்டரி இணைப்பு விட்டிருக்கிறது. மாற்றுகிறோம்.” பத்து நொடியில் மாற்றிவிட்டால், தங்கள் கருவியின் பழுதைத் தாங்களே கண்டறியத் தெரிந்த அணி என்ற எண்ணம்தான் நடுவரிடம் மிஞ்சும். பத்து நொடிக்குள் சரியாகவில்லை என்றால் முந்தைய நாள் எடுத்த காணொளியைக் காட்டி நகர வேண்டும். காணொளி மாற்று ஏற்பாடு மட்டுமே. அதையே முதலில் காட்டக் கூடாது.

அளவான கோரிக்கை

முன்வைப்பின் கடைசி அரை நிமிடம் கோரிக்கைக்கு. ‘நிதியுதவி வேண்டும்’, ‘தமிழ்நாடு முழுவதும் கொண்டுசெல்ல வேண்டும்’ என்பவை விருப்பங்கள். கேட்பவர் ‘சரி’ என்று சொன்னால் மறுநாள் என்ன நடக்கும் என்பது தெரிந்தால்தான் அது கோரிக்கை. அதில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: என்ன வேண்டும், எவ்வளவு, எத்தனை நாள், முடிவில் நாம் எதைத் திருப்பித் தருவோம்.

அணி கணக்குப் போட்டது. ஒரு கருவிக்கான பொருள்கள், கடைச் சீட்டின்படி, 460 ரூபாய். பள்ளியில் மாணவர் கழிவறை, மாணவியர் கழிவறை, கைகழுவும் இடம் என மூன்று தொட்டிகள். மூன்று கருவிக்கு 1,380 ரூபாய். கூடுதல் பேட்டரிக்கும் குழாய்ப் பிடிப்பான்களுக்கும் 220 ரூபாய். மொத்தம் 1,600 ரூபாய். அவர்கள் கோரிக்கை இப்படி அமைந்தது:

“எங்கள் பள்ளியின் மூன்று தொட்டிகளில் 30 நாள்கள் சோதிக்க 1,600 ரூபாய் வேண்டும். இப்போது அக்கா ஐந்து நாளில் 11 முறை ஏணி ஏறுகிறார். முப்பதாம் நாள், எத்தனை முறை ஏறினார், கருவி எத்தனை முறை தவறாகக் காட்டியது என்ற இரண்டு கணக்கையும் உங்களிடம் எழுதித் தருவோம்.”

இந்தக் கோரிக்கையின் வலிமை கடைசி வரியில் இருக்கிறது. தவறாகக் காட்டியதையும் எழுதித் தருவோம் என்று சொல்லும் அணியை நடுவர் நம்புவார். தொகை சிறிது என்பதால் இது சிறிய கோரிக்கை ஆகிவிடாது. முப்பது நாள் கணக்கு கையில் வந்தபின் பத்துப் பள்ளிகளுக்குக் கேட்பது எளிது. கணக்கு இல்லாமல் இன்றே பத்துப் பள்ளிகளுக்குக் கேட்டால் ‘ஒன்றிலாவது வேலை செய்ததா?’ என்ற கேள்விதான் வரும். போட்டியில் பரிசு கிடைக்காவிட்டாலும் இதே கோரிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்பது இன்னொரு பயன்.

நடுவர் கேட்கக்கூடியவை

கடைகளில் மிதவை மட்டக்காட்டி கிடைக்கிறதே, நீங்கள் ஏன் செய்ய வேண்டும் என்று நடுவர் கேட்கலாம். “கிடைக்கிறது, அதைவிட எங்களுடையது நீடித்து உழைக்கும் என்று இன்னும் சொல்ல முடியாது. எங்களுடையதைப் பள்ளி மாணவரே பழுதுபார்க்கலாம், முப்பது நாளில் அது போதுமா என்று தெரியும்” என்பது நேர்மையான விடை. கருவியிலிருந்தே மோட்டாரைத் தானாக நிறுத்தலாமே என்றும் கேட்பார்கள். மோட்டார் 230 வோல்ட் இணைப்பு. மாணவர் அதைத் தொடக் கூடாது, உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டியது. குடிநீர்த் தொட்டியில் வைக்கலாமா என்றால், கம்பி அரிந்து உலோகம் கலக்கக்கூடும் என்பதால் இந்த வடிவம் கழிவறை, கைகழுவும் தொட்டிகளுக்கு மட்டுமே. கருவியின் எல்லையை மாணவரே சொல்லும்போது விவாதம் அங்கேயே முடியும்.

வகுப்பில் பயிற்சி

இரண்டு பாடவேளைகள் போதும். முதல் பாடவேளையில் அணி ஒரு தாளில் மூன்று வாக்கியங்கள் மட்டும் எழுதட்டும்: பயனர் யார், நேரடிக் கணம் என்ன, கோரிக்கை என்ன. அதைத் திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும்.

இரண்டாம் பாடவேளை கடிகாரத்தோடு ஒத்திகை. மூன்று நிமிடத்தில் பயனருக்கும் அவருடைய ஒரு வாரக் கணக்குக்கும் 40 நொடி, நேரடிக் கணத்துக்கு 40 நொடி, கருவி வேலை செய்யும் விதத்துக்கு 25 நொடி, அக்கா கேட்ட கேள்விக்கும் பச்சை விளக்குக்கும் 20 நொடி, கோரிக்கைக்கு 30 நொடி. மீதி 25 நொடியை வெறுமையாக விடுங்கள். வாளியை நகர்த்தவும், நடுவர் பொத்தானைத் தேடவும், மூச்சு வாங்கவும் அது தேவைப்படும். ஒத்திகை மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வேகமாகப் பேசச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை நீக்கச் சொல்லுங்கள். முதலில் நீக்க வேண்டியது கருவியின் உள்விவரம். டிரான்சிஸ்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் நடுவர் கேள்வி நேரத்தில் கட்டாயம் கேட்பார்.

ஒத்திகையின் கடைசிச் சுற்றில் பொத்தானைத் தூய்மைப் பணியாளர் அக்காவிடமே கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். அவர் கேட்காமலே விளக்குகளைப் படித்துச் சொல்லிவிட்டால் அணி மேடைக்குத் தயார்.